ஐஸ் கணக்கு, வெயில் கணக்கு

கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகிவிட்டது. மணி ஆறைத் தாண்டியும் காசிமேட்டுப் பக்கம் கடல்காற்று எட்டிப் பார்க்கவில்லை. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன.

அஞ்சலை ஆயா வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் புது ஏசி. மகள் தவணையில் வாங்கி மாட்டி ஒரு வாரம்தான் ஆகிறது. மகள் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அது சும்மாவே இருக்கும். ரிமோட்டைத் தொட ஆயாவுக்குப் பயம். நாற்பது வருஷம் விடிகாலை ஏலத்தில் ஆம்பளைகளோடு மல்லுக்கு நின்று மீன் எடுத்தவள், வேறு எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

டியூஷன் முடிந்து வந்த பேரன் கதிர் ஆயாவின் கழுத்தைப் பார்த்தான். வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"இன்னா ஆயா இது? ஏசி போட்டுக்கினு படுக்க வேண்டியதுதானே?"

"எதயாச்சும் அழுத்தி கெட்டுப் போச்சுன்னா? உங்கம்மா இன்னும் பத்து மாசம் துட்டு கட்டணும்டா."

"உள்ள வா. நான் சொல்லித் தரேன்."

ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறையில்தான் இருந்தது. ஆயா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். எல்லாப் பட்டனும் அவளுக்கு ஒரே மாதிரி தெரிந்தன. பட்டன் மேலிருந்த பொடி எழுத்துக்குப் படிக்கத் தெரிந்தவர்களே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். கதிர் யோசித்தான். கண்ணாடியில் அம்மா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்து முதல் பட்டனில் ஒட்டினான்.

"பொட்டு வச்சத அழுத்து. ஒரே தடவ."

ஆயா அழுத்தினாள். 'பீப்' என்றது. பதறிப்போய் இன்னொரு தரம் அழுத்தினாள். அணைந்தது. மறுபடி அழுத்தினாள். காற்று வந்தது, ஆனால் குளிரவில்லை.

"பாத்தியா, போச்சு!"

"ஒண்ணும் போவல. அணைச்சு உடனே போட்டா வெளிய கீற மெஷினு மூணு நிமிஷம் நின்னுதான் ஓடும். அதுக்கும் மூச்சு வாங்க வேணாமா?"

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெளியே 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த காற்று ஆயாவின் முகத்தில் பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தப் படத்தப் பாரு. இது இருந்தாத்தான் குளிரும்."

ரிமோட்டை ஆயா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "கோலமாட்டம் கீதே."

"கோலமேதான். தெரியாம இந்த MODE பட்டனு பட்டுச்சுன்னா கோலம் போயி தண்ணிச் சொட்டு வரும், இல்லன்னா ஃபேன் வரும். கோலம் வர்ற வரைக்கும் அதையே அழுத்து."

ஆயா நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் கோலத்தைத் தேடிப் பிடித்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அடுத்ததில்தான் சிக்கல் வந்தது.

"இப்ப 24 கீது. இன்னும் குளிரணும்னா எது அழுத்துவ?"

ஆயா மேல்நோக்கிய அம்பை அழுத்தினாள்.

"அது குளிரக் குறைக்கும் ஆயா."

"எப்டிடா? பெட்டியில ஐஸ ஏத்த ஏத்தத்தான குளிரும்?"

கதிருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொன்னதும் நியாயம்தான். பெட்டிக்கு எத்தனை கூடை ஐஸ் என்று வாழ்நாள் முழுக்க எண்ணிய கை அது. தலையைச் சொறிந்துகொண்டு, "இது ஐஸ் கணக்கு இல்ல ஆயா. வெயில் கணக்கு. நம்பர் ஏறுனா வெயில் ஏறுது, இறங்குனா வெயில் இறங்குது" என்றான்.

"அப்டி சொல்லு!" ஆயா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். "அப்ப ரொம்ப இறக்குனா கரண்டும் ரொம்ப இழுக்கும்."

"ஆமா. 24லயே வுடு. ஃபேனையும் கூடப் போட்டுக்கோ, போதும்."

அப்புறம் சாப்பிட்டார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கதிர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆயா பக்கத்திலேயே படுத்தான்.

பதினொரு மணி இருக்கும். ஆயாவுக்கு விழிப்பு வந்தது. மகள் இன்னும் வரவில்லை. இருட்டில் கதிர் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். கையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது.

தலையணைக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்தாள். வெளிச்சம் போடவில்லை. கட்டைவிரலால் பொட்டைத் தடவி, அங்கிருந்து கீழே எண்ணி அம்பைக் கண்டுபிடித்தாள்.

"வெயிலு கொஞ்சம் ஏறட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை அழுத்தினாள். பீப், பீப், பீப். கதிர் புரண்டு படுத்து காலை நீட்டினான்.