வியாழக்கிழமை வந்த மெயில் பற்றி

அக்கா,

வியாழக்கிழமை மதியம் அந்த மெயில் வந்ததிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நேரில் வந்து கேட்டால், சுற்றி எல்லோரும் இருக்கும் இடத்தில் நீங்கள் முகத்தை மாற்றிக்கொண்டு "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இதற்குப் பதில் போட வேண்டும் என்பதில்லை.

டீம் லீட் பதவி உங்களுக்குத்தான் வரும் என்று நான் நம்பியிருந்தேன். வரவில்லை என்றதும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முந்தைய லீட் விலகிப் போனபின் ஐந்து மாதமாக அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர் நீங்கள். லீவுக்கு ஒப்புதல் தருவதிலிருந்து மாதக் கடைசிக் கணக்கை முடிப்பது, ஆடிட்டர் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவது வரை எல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வந்தது. அதே வேலைக்கு வேறொருவர் பெயரை ஒரு மெயிலில் படிப்பது சாதாரண ஏமாற்றம் இல்லை. கோபம் வந்தாலும் நியாயம்தான்.

தேர்வானவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நல்ல மனிதர், நானும் குரூப்பில் மனதார வாழ்த்தினேன். ஆனால் அங்கே முதல் வாழ்த்து உங்களுடையதாக இருந்தது. அதைப் பார்த்தபின் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் டைப் செய்ய வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மார்ச்சில் பழைய பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாறியபோது, முன்பணம் கட்டியிருந்த 312 வாடிக்கையாளர்களின் தொகை புதியதில் பாக்கியாக ஏறியிருந்தது. பழையதில் முன்பணம் மைனஸ் குறியோடு இருந்ததால் வந்த குழப்பம் அது. நாங்கள் எல்லோரும் மொத்தத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள்தான் ஒவ்வொரு கணக்காகத் திறந்து பார்த்து, இரவு பதினொரு மணிக்கு அதைப் பிடித்தீர்கள். மறுநாள் காலை பில்கள் போக இருந்தன. போயிருந்தால் பணம் கட்டியவர்களிடமே பணம் கேட்டிருப்போம். அதைப் பற்றிய அறிக்கையை எழுதியது நான். "குழு கண்டறிந்து சரிசெய்தது" என்று எழுதினேன். வழக்கமாக எழுதும் வாக்கியம் என்பதால் அப்போது உறுத்தவில்லை. உங்கள் பெயரைப் போட்டு எழுதியிருக்க வேண்டும். போடாதது என் தவறு. என்னை மன்னியுங்கள்.

அது இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அப்படிச் சொல்லி உங்களை இன்னும் யோசிக்க வைக்கவும் விரும்பவில்லை. ஆனால் நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால், அன்று நடந்ததைத் தேதியோடும் மெயில்களோடும் சேர்த்து மேனேஜருக்கு எழுதுகிறேன். ஏன் உங்களைத் தேர்வு செய்யவில்லை என்று நீங்கள் அவரிடம் கேட்கப் போவதாக இருந்தால், அதற்கு முன் அந்த மெயில் அவரிடம் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. கேட்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம். நீங்கள் சொல்லாமல் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

அப்புறம், திங்கட்கிழமை பத்து மணிக்குப் புது லீடிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்களே. ஆடிட் கோப்புகளும் பாக்கிப் பட்டியலும் எனக்கும் பழக்கம்தான். அந்தப் பகுதியை நான் அவரோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். உங்களால் முடியாது என்று நினைத்துக் கேட்கவில்லை. இந்த வாரமே அந்த அறையில் மூன்று மணி நேரம் நீங்கள் உட்கார வேண்டாமே என்றுதான் கேட்கிறேன். நீங்களே செய்வதாக இருந்தால் அதுவும் சரி.

அதற்கு மட்டும் ஞாயிறு இரவுக்குள் "சரி" என்று ஒரு வார்த்தை போடுங்கள். எதுவும் வராவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு நான் என் இடத்தில் இருப்பேன்.