3.4 முன்னோட்ட ஆய்வும் அதன்பின் முதன்மை ஆய்வு வடிவமைப்பில் செய்த மாற்றங்களும்

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தவறாமல் எடுக்கிறார்களா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு, மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா என்பதை அளக்க நாம் வைத்திருக்கும் கருவிகள் இந்தக் கிராமங்களில் வேலை செய்யுமா? அதைச் சோதிக்கவே முன்னோட்ட ஆய்வு நடத்தப்பட்டது.

முதன்மை ஆய்வுக்குத் தேர்வாகாத இரண்டு கிராமங்களில் இது நடந்தது. சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 60 பெயர்கள் எடுக்கப்பட்டன. களத்துக்குப் போகும் முன்பே மூன்று அளவுகோல்கள் எழுதி வைக்கப்பட்டன: நேரில் சந்தித்தவர்களில் 80 சதவீதத்தினராவது சம்மதிக்க வேண்டும், நேர்காணலின் இடைநிலை நேரம் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மாத்திரை எண்ணிக்கை 75 சதவீதத்தினரிடமாவது முடிய வேண்டும். முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், கிடைத்த முடிவு எதுவானாலும் அதைப் போதும் என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு.

சம்மதத்தில் சிக்கல் இல்லை. சந்தித்த 44 பேரில் 40 பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற இரண்டு அளவுகோல்களும் எட்டப்படவில்லை. நேர்காணல் 47 நிமிடம் எடுத்தது. உணவுப் பழக்கம் பற்றிய நீண்ட பகுதியை நீக்கியதில் அது சரியாகிவிட்டது, அந்தப் பகுதி ஆய்வின் கேள்விக்கு அத்தனை அவசியமாகவும் இல்லை. மாத்திரை எண்ணிக்கை விஷயம் அவ்வளவு எளிதில் தீரவில்லை.

மாத்திரை எண்ணிக்கையின் தர்க்கம் எளிமையானது. கொடுத்தது இத்தனை, மீதி இத்தனை, இடையில் இத்தனை நாள். கணக்குப் போட்டு 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒழுங்காக எடுக்கிறார் என்று கொள்வது வழக்கம். ஒருவருடைய மாத்திரை ஒருவருக்கே என்று இந்தக் கணக்கு நம்புகிறது. களத்தில் 40 பேரில் 23 பேரிடம் மட்டுமே எண்ண முடிந்தது. மீதி 17 பேரில் 8 பேர் வீட்டில் இன்னொருவரோடு ஒரே அட்டையைப் பகிர்ந்துகொண்டார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அம்லோடிபின் 5 மி.கி. எழுதியிருந்தால், எந்த அட்டை கையில் கிடைக்கிறதோ அதிலிருந்து இருவரும் எடுக்கிறார்கள். 6 பேர் வீட்டில் பழைய மாதத்து மாத்திரையும் புதியதும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன. அட்டையைக் கத்தரித்துப் போட்டிருந்ததால் பெயரும் தேதியும் போயிருந்தன, சர்க்கரை மாத்திரையும் அதிலேயே. 3 பேர் தனியார் மருத்துவரிடம் வாங்கியதையும் சேர்த்து எடுத்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய தனி உறை கொடுத்துவிட்டு அடுத்த மாதம் எண்ணலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த உறையே மாத்திரையை நினைவூட்டும். அளக்க வந்தவர் பழக்கத்தை மாற்றிவிட்டுப் போவார். அதனால் மாத்திரை எண்ணிக்கை முதன்மை அளவீடு என்ற இடத்திலிருந்து இறக்கப்பட்டது. எண்ண முடிகிற வீடுகளில் மட்டும் அது துணை அளவீடாக இருக்கும். பகிரும் வீடுகள் விடுபட்ட தரவாகக் கருதப்படாமல் தனிக் குறியீட்டோடு பதிவாகும். பகிர்வது தானே ஒரு கண்டுபிடிப்பு.

அப்படியானால் சுய அறிக்கையைத்தான் முதன்மையாகக் கொள்ள வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை தெரிந்தது. முதல் வினா, 'மாத்திரை போட எப்போதாவது மறந்ததுண்டா?' என்பது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண் உடனே 'இல்லை' என்றார். மாத்திரைப் பெட்டியோ நிரம்பிக் கிடந்தது. விசாரித்தபோது, "மறக்கறதெல்லாம் இல்லைங்க, தலை சுத்துனாத்தான் போடுவேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னார். மறதியை மட்டும் கேட்கும் வினா, அறிகுறி இல்லை என்று வேண்டுமென்றே நிறுத்துபவரை ஒழுங்கானவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. பெரும்பாலும் அறிகுறியே காட்டாத ஒரு நோயில் இது சிறிய பிழை அல்ல. எனவே முதன்மை அளவீடு இப்படி மாற்றப்பட்டது: "பலருக்கும் தினமும் மாத்திரை போட முடிவதில்லை. கடந்த 7 நாளில் நீங்கள் எத்தனை நாள் போட்டீர்கள்?" போடாத நாள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தனியாகக் கேட்கப்படும்.

யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றியதாகத் தோன்றியது. மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் கூடவே நின்ற 18 நேர்காணல்களில் 16 பேர் ஒரு நாளும் விட்டதில்லை என்றார்கள். அவர் இல்லாத 22 நேர்காணல்களில் 12 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். இது குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீடு அல்ல, எண்ணிக்கையும் சிறியது; இதை வைத்து எந்த முடிவையும் நிறுவ முடியாது. ஆனால் தனக்காகத் தெருத் தெருவாக நடப்பவர் எதிரில் 'போடவில்லை' என்று சொல்ல யாருக்கும் மனம் வராது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. முதன்மை ஆய்வில் தன்னார்வலர் வீட்டைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வார்.

காலை பத்து மணிக்குப் போனால் வீட்டில் முதியவர்கள் மட்டுமே இருந்தார்கள்; மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கோ காட்டுக்கோ போயிருந்தார்கள். களநேரம் காலை ஏழரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் என மாற்றப்பட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிட ஓய்வு, மூன்று முறை அளந்து கடைசி இரண்டின் சராசரி என்ற நடைமுறையில் மாற்றம் இல்லை.

வடிவமைப்பையே திருப்பிப் போட்டது பட்டியலில் இருந்து கிடைக்காதவர்கள்தான். 60 பெயர்களில் 3 பேர் இறந்திருந்தார்கள், 2 பெயர்கள் இரட்டைப் பதிவு, 4 பேர் மறுத்தார்கள். 11 பேர் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தால் அடுத்த பெயருக்குப் போவதுதான் முதல் திட்டம். அப்படிச் செய்தால் மாத்திரை வீட்டுக்கு வந்தும் கையில் சேராத அந்த ஆட்களே ஆய்விலிருந்து விழுந்துவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் எல்லை எது என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியது அவர்களைத்தான். 9 பேரின் கைபேசி எண்ணைக் குடும்பத்தினர் கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோது 7 பேர் பேசினார்கள். அதனால் மாற்றுப் பெயர் எடுப்பது கைவிடப்பட்டது. வெளியூர் போனவர்களுக்குப் பத்து நிமிடத் தொலைபேசி நேர்காணல் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது; பலர் ஊர் திரும்பும் பொங்கலை ஒட்டிக் களப்பணி வைக்கப்பட்டது.

மாதிரி அளவும் இதனால் மாறியது. n = Z²pq/d² என்ற சூத்திரத்தில் Z = 1.96, ஒழுங்காக எடுப்பவர்களின் விகிதம் p = 0.5, q = 1 − p, பிழை எல்லை d = 0.05 என வைத்தால் 385. கொத்து மாதிரிக்காக வடிவ விளைவு 1.5 ஆல் பெருக்கினால் 578. 10 சதவீத இழப்பு என்று முதலில் கருதி 643 என நிர்ணயித்திருந்தோம். முன்னோட்டத்தில் வீட்டில் நேர்காணல் முடிந்தது மூன்றில் இரண்டு பெயர்களுக்கே. அதனால் இழப்பு 35 சதவீதமாக உயர்த்தப்பட்டு 890 ஆனது. 30 கிராமங்களில் தலா 30 பேர் என 900 பெயர்கள் எடுக்கப்படும். p மதிப்புக்கு முன்னோட்டத்தில் கிடைத்த விகிதம் பயன்படுத்தப்படவில்லை. 40 பேரிடம் கிடைக்கும் விகிதத்தின் நம்பக இடைவெளி மிக அகலமானது, அதன் மேல் மாதிரி அளவைக் கட்டுவது சரியல்ல.

மாற்றங்கள் அனைத்தும் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தமாக அனுப்பப்பட்டு, ஒப்புதல் வந்த பிறகே முதன்மைக் களப்பணி தொடங்கியது. தொலைபேசி நேர்காணலுக்கு வாய்மொழிச் சம்மதப் படிவம் தனியாக எழுதப்பட்டது. வினாக்களும் நேர்காணல் சூழலும் மாறிவிட்டதால், முன்னோட்டத்தின் 40 நேர்காணல்கள் இறுதிப் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.