பள்ளிக்குள் கைப்பேசி வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"சைலன்டில் போட்டால் போதுமே" என்றார் எதிரணித் தலைவி. போதாது. பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தாலே "யாராக இருக்கும்?" என்று மனம் கிளம்பிவிடும். கணக்கில் மூன்றாம் வரியைத் தவறவிட்டால் நான்காம் வரி புரியாது. பக்கத்தில் கேட்டால் அவர் கவனமும் போச்சு. கரும்பலகையைப் படம் எடுக்கலாமாம்! கையால் எழுதும்போது யோசித்துச் சுருக்குகிறோம். எடுத்த படத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? தோழியைக் கேட்காமல் எடுத்த படம் ஒரு குழுவுக்குப் போய்விட்டால், அனுப்பியவர் அழித்தாலும் பிறர் சேமித்த பிரதி அழியாது. அவசரமா? அலுவலகத் தொலைபேசி இருக்கிறது. பிரான்ஸ் 2018இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் கைப்பேசியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஏன் என்று எதிரணி சொல்லட்டும். நன்றி.