அப்பாவோடு இன்றிரவு தங்க எடுத்துவர வேண்டியவை

தம்பி, மூன்று ராத்திரி இங்கே படுத்து எழுந்த அனுபவத்தில் எழுதுகிறேன். நாளை காலை எட்டு மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதனால் இன்றைய பை, நான் முதல்நாள் தூக்கிவந்த பை மாதிரி இருக்கக் கூடாது. இரண்டாக எடு: தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று, துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று. சின்னப் பை தூங்கும்போதும் உன் தலைக்கடியில் இருக்கட்டும்.

சின்னப் பையில்

☐ போன வருஷ டிஸ்சார்ஜ் சம்மரி. பீரோவில், அப்பாவின் பட்டு வேட்டிக்கு அடியில் இருக்கிறது. மற்ற ஸ்கேன், இ.சி.ஜி. எல்லாம் நீல ஃபைலில் என்னிடமே இருக்கிறது.
☐ முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார்: அசலோடு மூன்று செட் ஜெராக்ஸ். இங்கே கடை இருக்கிறது, ஆனால் காலையில் அந்த வரிசையில் நிற்க உனக்கு நேரம் இருக்காது.
☐ உன் ஆதார். வார்டு பாஸ் உன் பேருக்கு மாற்ற.
☐ 500 ரூபாய், பத்தும் இருபதுமாக.
☐ சார்ஜர், பவர் பேங்க். எட்டுக் கட்டிலுக்கு இரண்டு பிளக் பாயிண்ட்தான், எனவே பவர் பேங்கை வீட்டிலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு வா.
☐ 40 பக்க நோட்டு, பேனா. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போய்விடுவார். அப்பா "எல்லாம் நல்லதுன்னு சொன்னாரு" என்பார், அவ்வளவுதான். நீ அங்கேயே எழுது.
☐ மாத்திரை டப்பா. சுகர் மாத்திரையைக் காலையில் வழக்கம்போல நீயாகக் கொடுத்துவிடாதே. வெறும் வயிறு, சிஸ்டரைக் கேள். ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்று மயக்க டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் ஆள் மாறினால் நீயும் சொல்லு.

அப்பாவுக்கு

☐ மூடி போட்ட சின்ன டப்பா, பல் செட்டுக்கு. ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள். முந்தாநாள் பக்கத்துக் கட்டில் தாத்தா தன்னுடையதைப் பேப்பரில் சுற்றி வைத்தார்; பெருக்குகிறவர் குப்பை என்று அள்ளிவிட்டார். ஒரு மணி நேரம் குப்பைக்கூடையைக் கிளறி எடுத்தோம்.
☐ கண்ணாடிக் கூடு.
☐ பழைய லுங்கி மூன்று, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை இரண்டு. எலாஸ்டிக் வைத்தது எதுவும் வேண்டாம், தையலில் அழுத்தும்.
☐ சின்னத் தலையணை ஒன்று. இது முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். அப்பாவின் இருமல்தான் உனக்குத் தெரியுமே!
☐ வளையும் ஸ்ட்ரா நாலைந்து. முதுகில் ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கால் மரத்திருக்கும், எழுந்து உட்கார விட மாட்டார்கள்.
☐ ஸ்வெட்டர், மஃப்ளர். ஆபரேஷன் முடிந்து வைக்கும் அறையில் ஏ.சி.

அப்புறம், வெள்ளி அரைஞாணும் மோதிரமும் இன்றிரவே கழற்றியாக வேண்டும். மோதிரம் வராது, விரல் வீங்கியிருக்கிறது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டிலில் எடுத்துவா. அரைஞாணைக் கழற்ற அப்பா சண்டை போடுவார்; நான் சொன்னால் கேட்கவில்லை, நீ பேசு. கழற்றியதை என்னிடம் கொடுத்துவிடு, வார்டில் வைக்காதே.

உனக்கு

☐ கோரைப்பாய், கெட்டிப் போர்வை, கொசுவர்த்தி அல்ல, கொசு க்ரீம். வார்டில் எதையும் கொளுத்த விட மாட்டார்கள்.
☐ பிரஷ், பேஸ்ட், சோப்பு, துண்டு, மாற்றுச் சட்டை, பாத்ரூமுக்கு ரப்பர் செருப்பு.
☐ பிளாஸ்க், டம்ளர், ஸ்பூன். ஒரு பழைய துணி, இரண்டு பிளாஸ்டிக் கவர்.

சாப்பாடு கட்டிவராதே. பத்து மணிக்கு மேல் அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அவர் பார்க்க நீ புளியோதரை பொட்டலத்தைப் பிரித்தால் நன்றாகவா இருக்கும்? பசித்தால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வெளியே டீக்கடைக்குப் போய் வா. பாவம் பார்த்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும், அப்பா எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பூ, நகை, குழந்தைகள் வேண்டாம்.

இரண்டாவது மாடி, ஆண்கள் சர்ஜரி வார்டு, 14ஆம் நம்பர் கட்டில். எட்டு மணிக்குக் கேட்டை மூடுகிறார்கள், அதனால் ஆறரை பஸ்ஸை விட்டுவிடாதே. கேட்டருகே நிற்கிறேன், பாஸைக் கையில் கொடுத்து, அரைஞாணையும் மோதிரத்தையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன்.

அக்கா