ஆமை நடந்து வரும் வரை

ஓவியம் தீட்டிய ஒரு நீண்ட சுவரின் புகைப்படம் இது. சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓர் ஆறு ஓடுகிறது; கரையோரத்தில் விலங்குகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் ஒரு பெரிய யானை. அதன் கால்களைச் சற்று உற்றுப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறிச் சாயம் கருத்திருப்பதால், அந்த யானை உண்மையாகவே தண்ணீருக்குள் இறங்கி நிற்பதுபோல் தெரிகிறது. அதன் முதுகில் நீலச் சிறகுடன் ஒரு மீன்கொத்தி அமர்ந்திருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு மான், கிளையில் ஒரு குரங்கு, ஒற்றைக் காலில் ஒரு செங்கால் நாரை, தண்ணீரில் மல்லாந்து மிதக்கும் ஒரு நீர்நாய்.

யானைக்கும் மானுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. சாயம் உதிர்ந்துபோன இடம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டு பக்கத்துப் புற்களும் அந்த இடத்தின் ஓரத்தில் ஒழுங்காக வந்து நிற்பதும், தூரிகை அதைத் தாண்டவே இல்லை என்பதும் புலப்பட்டன. ஓவியர் அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். கீழ் மூலையில் ஓர் ஆமை, வலது முன்காலைத் தூக்கியபடி, அந்த இடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளே, இந்தக் கதை அந்த வெற்றிடத்தைப் பற்றியது.

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்த காலம் வரை அங்கே யாருக்கும் யாரோடும் வம்பில்லை. யானை ஒரு துறையில் இறங்கும். மான் வேறொரு துறையில் குனியும். நீர்நாய்க்கு ஆறு முழுவதுமே வீடு. ஆனால் ஓர் ஆண்டு மழை பெய்யவில்லை. ஆறு முதலில் ஓடையாக மெலிந்தது, பிறகு ஆங்காங்கே தேங்கிய குட்டைகளானது, கடைசியில் அந்தக் குட்டைகளும் வெடித்துப்போன சேறாக மாறின. கரைச்சரிவில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்திருந்த மீன்கொத்தி, வளையின் வாயிலில் நின்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வயதான பெண் யானை இருந்தாள். எல்லோரும் அவளை யானைப் பாட்டி என்றே அழைத்தார்கள். ஒரு நாள் காலையில் அவள் வறண்ட ஆற்றின் நடுவே வந்து நின்று, தும்பிக்கையை மணலின் மேல் மெல்ல நகர்த்தி மோப்பம் பிடித்தாள். ஓர் இடத்தில் நின்றாள். முன்காலால் மணலை உதைத்துத் தள்ளினாள். தும்பிக்கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். குழி ஆழமாக ஆழமாக மணலின் நிறம் மாறியது. வெளுத்திருந்தது பழுப்பானது, பழுப்பு கருமையானது, பிறகு அந்தக் கருமணலின் அடியிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்த நீர் மெதுவாகக் கசிந்து வந்தது. மணல் அடுக்குகளின் வழியே வடிந்து வரும் நீர் அல்லவா, அதில் தூசு துரும்பு எதுவும் இல்லை.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. மானும் அதன் குட்டியும் வந்தன. குரங்கு வந்தது. நீர்நாய் ஓடி வந்தது. நாரை பறந்து வந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் குழியின் விளிம்பில் முண்டியடித்தன.

“நான்தான் முதலில் வந்தேன்” என்றது குரங்கு.

“தண்ணீரிலேயே வாழ்பவன் நான். எனக்குத்தான் முதல் உரிமை” என்றது நீர்நாய்.

“குட்டி வைத்திருப்பவள் முதலில் குடிக்கட்டும்” என்று கெஞ்சியது மான்.

இப்படிப் பேசிக்கொண்டே ஒன்றையொன்று தள்ளியதில் குழியின் ஓரம் பொலபொலவென்று சரிந்தது. ஊறியிருந்த நீர் அத்தனையும் மணலுக்குள் மறைந்தது. ஒரு மிடறுகூட யாருக்கும் கிடைக்கவில்லை.

யானைப் பாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடியும் தோண்டினாள். இம்முறை குழியை அகலமாகவும் ஓரங்களைச் சரிவாகவும் அமைத்தாள். தோண்டும்போது குழியின் பக்கவாட்டில் ஒரு பழைய வேர் வெளிப்பட்டு, ஒரு விரல்போல் நீட்டிக்கொண்டு நின்றது. “இப்போது ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள்.

மான்குட்டி முதலில் குடித்தது. உடனே மான் குடித்தது. மானின் வாய் விலகும் முன்பே குரங்கு கையை விட்டது. குரங்கை இடித்துக்கொண்டு நீர்நாய் தலையை நுழைத்தது. நீர்நாயின் வாய்க்குக் கிடைத்ததோ பாதி நீரும் பாதி மணலும். அது துப்பிவிட்டு, “குரங்கு என் பங்கையும் குடித்துவிட்டது!” என்று கத்தியது. குரங்கு அதைவிட உரக்கக் கத்தியது. அந்தச் சண்டை அன்று பகல் முழுவதும் ஓயவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், தொலைவிலிருந்த கரும்பாறையிலிருந்து ஆமை நடந்து வந்துகொண்டிருந்தது. செய்தி எல்லோருக்கும் கிடைத்தபோதுதான் அதற்கும் கிடைத்தது, புறப்பட்டதும் அப்போதுதான். வழியெல்லாம் அது கேட்டுப் பழகிய சொல் ஒன்றுதான்: “சீக்கிரம், சீக்கிரம்.” பிறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டே நடக்கப் பழகியிருந்தது.

சண்டையில் களைத்துப்போய் எல்லோரும் மர நிழலில் ஒதுங்கியிருந்த நேரத்தில் ஆமை குழியை வந்தடைந்தது. சரிவில் இறங்கியது, கழுத்தை நீட்டியது, குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. வாயில் ஒரு மணல்துகள்கூடப் படவில்லை.

இதை மான்குட்டி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. தாகத்தால் அதன் கண் காலையிலிருந்தே குழியை விட்டு அகலவில்லை. அது மெல்ல எழுந்து யானைப் பாட்டியிடம் போய்ச் சொன்னது: “பாட்டி, நீர்நாய் மாமா குடித்தபோது அந்த வேர் காய்ந்திருந்தது. ஆமையக்கா வந்து சேர்ந்தபோது வேர் நனைந்திருந்தது.”

யானைப் பாட்டி குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு கரும்பாறையைப் பார்த்தாள். அங்கிருந்து குழி வரைக்கும் மணலில் பதிந்திருந்த ஆமையின் சிறு கால்தடங்களையும், அவற்றின் நடுவே வால் இழுத்துச் சென்ற மெல்லிய கோட்டையும் நெடுநேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை எல்லோரையும் அழைத்து அவள் சொன்னாள்: “ஒருவர் குடித்து முடித்ததும் ஆமை கரும்பாறையிலிருந்து புறப்படுவாள். அவள் குழியருகே வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் குடிக்க வேண்டும். பாறைக்குத் திரும்பிப் போக நான் அவளைத் தூக்கிச் செல்கிறேன். அதுவரை குழியின் ஓரத்தில் ஓர் இடம் வெறுமையாகவே இருக்கட்டும்; யாரும் அங்கே நிற்கக் கூடாது.”

“ஆமைக்காகவா நாங்கள் காத்திருக்க வேண்டும்?” என்றது நீர்நாய்.

“ஆமைக்காக மட்டும் என்று யார் சொன்னது? வந்து பார்” என்றாள் பாட்டி.

அன்று ஒவ்வொருவருக்கும் வயிறு நிறையத் தண்ணீர் கிடைத்தது. நாரைக்குக் குரல் இல்லை. அது அலகின் இரு பாதிகளையும் தட்டித்தான் பேசும். எனவே, ஆமை வந்து சேர்ந்ததும் அலகைத் தட்டி அறிவிக்கும் வேலையை அது ஏற்றுக்கொண்டது. யானைப் பாட்டி மட்டும் பகலில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். பகலில் அவள் தும்பிக்கையை வைத்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. “இரவை எனக்கு விட்டுவிடுங்கள்” என்று சொல்லி, எல்லோரும் உறங்கியபின், ஊற ஊற விடியும்வரை மெதுவாகக் குடித்தாள்.

ஆமைக்கோ எல்லாமே புதிதாக இருந்தது. அது நடந்து வரும்போது இப்போது யாரும் “சீக்கிரம்” என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் அது தலையை வெளியே நீட்டி நடந்தது. மூன்றாம் நாள் வழியில் ஒருமுறை நின்று வானத்தைப் பார்த்தது.

நான்காம் நாள் வெயில் கொளுத்தியது. அடுத்த முறை நீர்நாயுடையது. தாகம் அதன் தொண்டையைப் பிடித்தது. ஆமையோ பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தது. நீர்நாய் சுற்றுமுற்றும் பார்த்தது, பாய்ந்து ஓடியது, மூக்காலும் முன்கால்களாலும் ஆமையை உருட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் வந்து குழியருகே சேர்த்தது. “வந்துவிட்டாள்! ஆமை வந்துவிட்டாள்! நாரையே, அலகைத் தட்டு!” என்று மூச்சு வாங்கக் கூவியது.

நாரை தட்டவில்லை. மல்லாந்து கிடந்த ஆமை நான்கு கால்களையும் காற்றில் அசைத்தது. மான்குட்டி மட்டும் அருகில் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தது.

“மாமா, வேர் இன்னும் நனையவில்லை” என்றது.

நீர்நாய் குழிக்குள் பார்த்தது. வேர் காய்ந்திருந்தது. அடியில் ஒரு கை அளவு நீர் மட்டும் மினுங்கியது. நீர்நாய் நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஆமையை மெதுவாகப் புரட்டி நிமிர்த்தி, அதன் கண்ணிலிருந்த மணலைத் தன் மூச்சால் ஊதித் தள்ளியது. “என்னை மன்னித்துவிடு அக்கா. உன்னை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறேன்” என்றது. சொன்னபடியே கொண்டுபோய் விட்டது. அதன்பின் ஓடிவரவில்லை. ஆமையின் பக்கத்திலேயே, ஆமை ஓர் அடி வைத்தால் தானும் ஓர் அடி வைத்து, அந்தச் சுடுமணலில் குழி வரைக்கும் நடந்து வந்தது. அவர்கள் வந்து சேர்ந்தபோது வேர் நனைந்திருந்தது. நாரையின் அலகு ‘டக், டக், டக்’ என்று ஒலித்தது.

அந்தக் கோடை அப்படித்தான் கழிந்தது. பிறகு ஓர் இரவில் மேற்கே இடி முழங்கியது. மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. செம்மண் நிறத்தில் புதுவெள்ளம் சுருண்டு வந்தது; ஊற்றுக்குழியையும் வேரையும் கால்தடங்களையும் ஒன்றாக மூடிக்கொண்டு ஓடியது. மீன்கொத்தி அன்று மாலையே ஒரு மீனோடு திரும்பியது.

இப்போது ஆற்றில் கரைமுட்டத் தண்ணீர். யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. ஆயினும் மாலை நேரத்தில் எல்லோரும் கரைக்கு வரும்போது, யானைப் பாட்டி ஓர் அடி இந்தப் பக்கமும், வளர்ந்து பெரிதாகிவிட்ட அந்த மான்குட்டி ஓர் அடி அந்தப் பக்கமும் விலகி நிற்பார்கள்.

அந்த ஆண்டு பிறந்த ஒரு காட்டுப்பன்றிக் குட்டி முதன்முதலாக ஆற்றுக்கு வந்தது. நடுவில் இடம் இருப்பதைப் பார்த்து, “இங்கே யாரும் இல்லையே, நான் நிற்கலாமா?” என்று கேட்டது.

“கொஞ்சம் பொறு கண்ணே” என்றாள் பாட்டி.

பன்றிக்குட்டி தண்ணீரைப் பார்த்தது. யானையைப் பார்த்தது. யாருடைய வாயும் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. மல்லாந்து மிதந்துகொண்டிருந்த நீர்நாய்கூடக் கழுத்தைத் திருப்பிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பன்றிக்குட்டியும் திரும்பிப் பார்த்தது.

தொலைவில், புல்லின் நடுவே, தலையை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு ஆமை வந்துகொண்டிருந்தது. அதன் வலது முன்கால் இன்னும் தரையைத் தொடவில்லை.