தவணைக்கு முன்பே வந்துவிடும் பணத்துக்கு நன்றியும், இந்த வருஷம் முதல் 4 சதவீதத் தள்ளுபடியும்

காரைக்குடி
2.4.2026, வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம்.

மார்ச் 14-ந் தேதி சரக்குக்கான பில் பணம் முந்தாநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது. தவணை ஏப்ரல் 13 வரை இருக்கிறது. வருஷக் கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்த நேரம். உங்கள் பக்கத்தைத் திருப்பி, வரவை எழுதி, கீழே கோடு போட்டேன். பாக்கி எதுவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக மனசு வரவில்லை. முதல் பில்லிலிருந்து திருப்பிப் பார்த்தேன்.

2021 ஜூலையில் 10 கிலோ தேன்குழலும் 5 கிலோ சீப்புச் சீடையும் மட்டும் வாங்கிப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து இந்த மார்ச் வரை 112 பில். எல்லாமே 30 நாள் தவணை. 111 பில்லுக்குத் தவணை நாளுக்கு முன்பே பணம் வந்திருக்கிறது, பெரும்பாலும் இருபதாம் நாளை ஒட்டி. மிச்சமிருக்கிற ஒன்று தவணை நாளன்றே வந்தது. அது 2023 கார்த்திகை. அண்ணிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தீர்கள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டுடறேம்மா, தப்பா நினைச்சுக்காதே" என்றீர்கள். நான் வேண்டாம், பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னேன். ஆறு மணிக்குப் பணம் வந்துவிட்டது. அன்றைக்கே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இவ்வளவு நாள் விட்டது என் குறைதான்.

உங்கள் பணம் இங்கே வந்து என்ன ஆகிறது என்பதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். தேன்குழலை அச்சில் பிழிந்துவிடலாம். சீப்புச் சீடை அப்படி இல்லை. மாவைப் பட்டையாகப் பிழிந்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, இரண்டு ஓரத்தையும் ஒட்டி எடுக்க வேண்டும். ஒட்டு சரியாக விழாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். ஒரு கிலோவுக்கு எத்தனை முறை விரல் மடங்குகிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்த விரல்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்காமல் "திங்கட்கிழமை வாங்கிக்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் முன்பு சில வாரம் சொல்லியிருக்கிறேன்.

2022 தீபாவளியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வெளியூரில் ஒரு பெரிய கடைக்கு ஆவணியிலிருந்தே சரக்கு போட்டிருந்தேன். பாக்கி ஏறிக்கொண்டே போனது. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம். எங்களுடையது பதிவு செய்த சிறு தொழில். எழுதிக்கொண்ட தவணை இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று 2006-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் அந்தக் கடை ஆர்டர் அதோடு போய்விடும் என்ற பயம். ஐப்பசி பிறந்துவிட்டது, எண்ணெய் வாங்கக் கையில் காசு இல்லை. என் ஆத்தா போட்ட வளையலை அடகு வைத்தேன். அந்த வாரத்தில்தான் உங்களுடைய இரண்டு பில்லுக்கும் சேர்த்து, இரண்டுக்குமே தவணை வருவதற்கு முன்னால், பணம் வந்தது. என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்தத் தீபாவளிக்கு எட்டுப் பேருக்கும் சேலையும் போனஸும் கொடுத்தது அந்தப் பணத்தில்.

அதற்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன். உங்கள் பணத்தைத் தனியாக வைத்துச் சாமான் வாங்குவது மட்டுமே வேலை. எப்போது வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த பணம் அது ஒன்றுதான். முன்பெல்லாம் கடலை எண்ணெய் கடனுக்கு எடுப்பேன். கடனுக்கு எடுத்தால் டின்னுக்கு 60 ரூபாய் கூட. அதுகூடப் பரவாயில்லை, அவர்கள் கொடுக்கிற டின்னைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. இப்போது ரொக்கமாகக் கொடுக்கிறேன். டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்து, புதிதாக ஆட்டிய எண்ணெய்தானா என்று தெரிந்துகொண்டு எடுக்கிறேன். உளுந்தும் வெல்லமும் அப்படியே. போன வருஷம் நீங்கள் போன் செய்து, "உன் தேன்குழல் இருபது நாள் ஆனாலும் சிக்கு வாடை அடிக்கலைன்னு கஸ்டமர் சொல்றாங்க" என்றீர்களே, அதற்குக் காரணம் என் கைப்பக்குவம் மட்டும் இல்லை அண்ணன். நல்ல எண்ணெயை நேரத்துக்கு வாங்க முடிந்தது. அது உங்களால் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 5 கிலோ சீப்புச் சீடையைப் பில்லில் ஏற்ற விட்டுவிட்டோம். சரக்கை எடை போட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே கூப்பிட்டுச் சொல்லி, பில்லைத் திருத்தி அனுப்பச் சொன்னீர்கள். பில் போட்ட பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "பிள்ளையைத் திட்டாதே" என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அந்தப் பெண்தான் இன்றைக்கு எங்கள் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொள்கிறாள்.

இனி தள்ளுபடி விஷயம்.

இந்த ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை உங்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லிலும் 4 சதவீதம் கழித்துக்கொள்கிறேன். எல்லாச் சரக்குக்கும் உண்டு. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், கை முறுக்கு, மாவுருண்டை எதுவும் விலக்கு இல்லை. பில்லிலேயே கழித்துக் காட்டினால்தான் கழித்தது போக மிச்சத் தொகைக்கு மட்டும் ஜிஎஸ்டி வரும் என்று ஆடிட்டர் சொன்னார், அதனால் அப்படியே போடுகிறோம். உதாரணத்துக்கு, 24,000 ரூபாய் சரக்கு என்றால் தள்ளுபடி 960. மிச்சம் 23,040. அதற்கு 5 சதவீத வரி 1,152. ஆக மொத்தம் 24,192 ரூபாய். முன்பு இதே சரக்குக்கு 25,200 கட்டினீர்கள்.

போன வருஷத்துக்கும் ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து மார்ச் வரை நீங்கள் எடுத்த சரக்கு, வரி நீங்கலாக 6,24,000 ரூபாய். அதில் 1 சதவீதம், 6,240 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இதில் வரி சேர்க்கவில்லை, ஆகவே அந்தப் பில்களுக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியில் எதையும் திருப்ப வேண்டியதில்லை. உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை காட்டிவிடுங்கள். வரும் பில் தொகையில் இதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும்.

தீபாவளி இந்த வருஷம் நவம்பர் 8. ஆடியில் விலை சொல்வேன். ஆவணி முடிவதற்குள் எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டால், பிறகு எண்ணெய் எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு அந்த விலைதான். மற்றவர்களிடம் தீபாவளி ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்குகிறேன். உங்களிடம் வாங்க மாட்டேன். உங்கள் சரக்கு முதல் நடையிலேயே கிளம்பும்.

இதற்கு நிபந்தனை எதுவும் கிடையாது. என்றைக்காவது ஒரு பில் தாமதமானாலும் தள்ளுபடி நிற்காது. தள்ளுபடி கொடுத்துவிட்டாளே என்று இன்னும் முன்னதாகப் பணம் போடவும் வேண்டாம். உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது போடுங்கள், 30 நாள் உங்களுடையது. இனாமாகக் கொடுக்கிறேன் என்றும் தயவுசெய்து நினைக்காதீர்கள். ரொக்கத்துக்கு வாங்குவதால் எண்ணெய், பருப்பு, வெல்லம் மூன்றிலும் சேர்த்து மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. அடகு வட்டியும் இல்லை, வளையல் திரும்பி வந்துவிட்டது. அந்த மிச்சத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதைத்தான் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்த சரக்கு 6-ந் தேதி திங்கட்கிழமை காலை லாரியில் கிளம்புகிறது. வழக்கமான கணக்கோடு, 5 கிலோ மனகோலம் கூட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள், அதையும் சேர்த்துவிட்டேன். புதுத் தள்ளுபடி இந்தப் பில்லிலிருந்தே ஆரம்பம். பில்லைப் பார்த்து ஏதாவது மாறியிருந்தால் பில் போடும் பெண்ணிடமே சொல்லலாம், அவளுக்கு எல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெட்டிகளுக்கு மேலே சின்ன ஓலைக் கொட்டானில் கொஞ்சம் அதிரசம் வைத்திருக்கிறேன். அது கடைக்கு இல்லை, வீட்டுக்கு. அண்ணிக்குப் பாகு இறுகாமல் மெத்தென்று இருந்தால்தான் பிடிக்கும் என்று முன்பு ஒருதரம் சொன்னீர்கள். அப்படியே சுடச் சொல்லி, பக்கத்தில் நின்று எடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து சாப்பிடச் சொல்லுங்கள், அப்போதுதான் பதம் சேரும்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புடன்,
தங்கள் தங்கை
மெய்யம்மை