பயணிகள் கவனத்திற்கு: குறிகட்டுவான் – நயினாதீவு படகுச் சேவை

படகு கயிறு அவிழ்க்கும் முன் இதை ஒரு தரம் வாசியுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். கோயிலுக்கும் விகாரைக்கும் வெளியூரிலிருந்து வருபவர்களில் பலருக்கு இதுவே முதல் கடல் பயணமாக இருக்கும்.

இந்தப் படகில் ஏறக்கூடியவர்கள் 50 பேர்

கீழ் அறையில் 34 பேர், மேல்தட்டில் 16 பேர். ஓட்டியும் இரண்டு பணியாளர்களும் இதற்குப் புறம்பு. மடியில் இருக்கும் கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். படகு கவிழ்ந்தால் அந்தக் குழந்தைக்கும் ஓர் அங்கி வேண்டும், தூக்கிவிட ஒரு கை வேண்டும்.

ஏறும் பலகையில் நிற்கும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட அட்டை தருவார். 50 ஆம் அட்டை முடிந்தால் பலகையை இழுத்துவிடுவோம். "ஒராள்தானே, நின்றுகொண்டு வருகிறேன்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனி மாதத் திருவிழாவில் அம்மனைப் பார்க்க வந்தவரைத் துறையில் காக்க வைப்பது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 51 ஆவது ஆளை ஏற்ற மாட்டோம். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகள் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அது நடந்தது நடுக்கடலில் இல்லை, ஒரு சிறு கடல்நீரேரியில்.

நோயாளியோ பிரசவத்துக்குப் போகும் தாயோ வந்தால் இரண்டு பேர் இறங்கி இடம் கொடுங்கள். அப்படி இறங்கியவர்களை அடுத்த படகில் முதலாவதாக ஏற்றுவோம்.

சாமானும் பாரம்தான். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, சைக்கிள் எதுவானாலும் பணியாளர் காட்டும் இடத்தில், தாழ்வாக வையுங்கள். மேல்தட்டில் பாரம் கூடினால் படகு ஒரு பக்கம் சரிந்து மறுபடி நிமிர நேரம் எடுக்கும். சோழகம் வீசும் மாதங்களில் அந்த நேரத்துக்குள் அடுத்த அலை வந்துவிடும். எரிவாயு சிலிண்டரையும் பெற்றோல் கலனையும் பயணிகளோடு ஏற்ற மாட்டோம்.

உயிர்காப்பு அங்கிகள் இருக்கும் இடம்

கீழ் அறையில் ஒவ்வொரு வாங்கின் கீழும் செம்மஞ்சள் நிற அங்கிகள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று. மேல்தட்டில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே, கூரையோடு கட்டிய வலையில் இருக்கின்றன. வலையின் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையில் விழும். பிள்ளைகளுக்கான 12 சிறிய அங்கிகள் கீழே இறங்கும் படிக்கு வலப்பக்கத்து நீலப் பெட்டியில் உள்ளன. அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. அதன் மேல் பைகளை வைக்காதீர்கள். மேலதிகமாக 6 பெரிய அங்கிகள் ஓட்டியின் அறைக்குப் பின்னால் தொங்குகின்றன. மிதவை வளையம் இரண்டு: ஒன்று அணியத்தில், மற்றது பின்பக்கக் கம்பியில்.

ஏறி உட்கார்ந்ததும் அங்கியைப் போடுங்கள். ஆபத்து வந்த பிறகு போடலாம் என்று வைத்திருக்க வேண்டாம். இருட்டில், சாய்ந்த படகில், ஐம்பது பேர் ஒன்றாக வாங்கின் கீழ் கை விட்டால் யாருக்கும் அங்கி கிடைக்காது.

போடும் முறை: சட்டை போடுவது போலக் கைகளை நுழையுங்கள். முன்பக்கக் கொளுவிகள் மூன்றையும் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை பூட்டி, பட்டிகளை இழுத்து இறுக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் உங்கள் தோள் பட்டிகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அங்கி நாடியைத் தாண்டி மேலே வந்தால் இறுக்கம் போதாது. சேலை கட்டியிருப்பவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு அதன் மேல் அங்கியைப் போடுங்கள். பிள்ளைகளின் அங்கியில் கால்களுக்கிடையே வரும் பட்டி ஒன்று உண்டு. அதைப் பூட்டாவிட்டால் தண்ணீரில் பிள்ளை கீழே வழுகி, அங்கி மட்டும் மேலே மிதக்கும். பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

அங்கி ஈரமாக இருக்கிறது, வியர்வை மணக்கிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். நாங்கள் அவற்றை வெயிலில் காயவிடுகிறோம், ஆனால் உப்புக்காற்றில் முழுவதும் காயாது. பொறுத்துக்கொள்ளுங்கள், பயணம் இருபது நிமிடம்தான். அங்கியின் மேல் உட்காரவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கினால் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். பட்டி அறுந்தோ விசில் இல்லாமலோ ஓர் அங்கி கிடைத்தால் பணியாளரிடம் கொடுங்கள், வேறு தருவார்.

கோபுரம் தெரியும்போது எழும்பாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நயினாதீவுத் துறையை நெருங்கும்போது நாகபூசணி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் போய்க் கும்பிடுகிறார்கள். பக்தி எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் நாற்பது பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் அந்தப் பக்கம் சாயும். இருந்த இடத்திலிருந்தே கும்பிடுங்கள். படகைத் துறையில் கட்டி, பணியாளர் "இறங்கலாம்" என்று சொன்ன பிறகு வரிசையாக இறங்குங்கள். கைப்பேசியில் படம் எடுக்க விளிம்பில் உட்காரவும் கூடாது.

ஆபத்து வந்தால்

ஹோர்ன் ஏழு தரம் குறுகலாகவும் பிறகு ஒரு தரம் நீளமாகவும் ஒலித்தால் ஆபத்து என்று அர்த்தம். அப்போது ஓட்டி சொல்வதை மட்டும் கேளுங்கள்.

கீழ் அறையில் இருப்பவர்கள் உடனே மேலே வரவேண்டும். தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தால், அங்கியே உங்களைக் கூரையோடு தூக்கிப் பிடித்துவிடும், வாசலுக்குக் குனிந்து வரமுடியாது. படிக்கு அருகில் இருப்பவர்கள் முதலில் ஏறுங்கள், பிள்ளைகளைக் கைமாற்றிக் கொடுங்கள். பைகளை விட்டுவிடுங்கள். படி ஒடுக்கம், ஒரு பை சிக்கினாலும் பின்னால் வருபவர்கள் அடைபட்டுப்போவார்கள். முன்பக்கக் கூரைக் கதவை உள்ளிருந்தே மேலே தள்ளித் திறக்கலாம். அதுவும் ஒரு வழி.

யாராவது கடலில் விழுந்தால் "ஆள் விழுந்திட்டுது!" என்று பலமாகக் கத்துங்கள். கண்ட முதல் ஆள் விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அலைக்குள் ஒரு தலை மறைய ஒரு நொடி போதும். மற்றவர்கள் மிதவை வளையத்தை அவருக்கு அருகில் எறியுங்கள். காப்பாற்ற நீங்கள் குதிக்க வேண்டாம்.

எஞ்சின் பக்கம் புகை வந்தால் எல்லோரும் அமைதியாக முன்பக்கம் நகருங்கள், ஆனால் ஒரு விளிம்பில் கூடாதீர்கள். தீயணைப்பானைப் பணியாளர் எடுப்பார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம், காற்றுப் பட்டால் தீ பெருகும்.

படகை விட்டு இறங்கச் சொன்னால், ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறுகையால் அங்கியைக் கீழே இழுத்துப் பிடித்து, கால் முதலில் படும்படி இறங்குங்கள். தண்ணீருக்குள் போனதும் ஒருவரோடு ஒருவர் கை கோர்த்து, பிள்ளைகளை நடுவில் வைத்து ஒன்றாக மிதங்கள். படகு மிதந்துகொண்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கரை கிட்டத் தெரிகிறது என்று நீந்திப் போகாதீர்கள். நீரோட்டம் வேறு பக்கம் இழுக்கும், தனியாகப் போனவரைத் தேடுவது கடினம். விசிலை விட்டு விட்டு ஊதுங்கள். இந்தப் பாதையில் பயணிகள் படகுகளும் மீன்பிடி வள்ளங்களும் போய் வந்துகொண்டேயிருக்கும்.

ஓட்டி வானொலியில் உதவி கேட்பார். கைப்பேசி வைத்திருப்பவர்கள் பொலிஸுக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990 ஆகிய இலக்கங்களை அழையுங்கள். "குறிகட்டுவான் – நயினாதீவு படகு" என்றும், எத்தனை பேர் என்றும் முதலில் சொல்லுங்கள்.

வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறும்போதே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், படிக்கு அருகில் இடம் தருவோம். மது அருந்தியவர்களை ஏற்ற மாட்டோம். காற்று பலமாக இருந்தால் படகு புறப்படாது, அந்த முடிவு ஓட்டியுடையது.

இப்போது உங்கள் வாங்கின் கீழ் கையை விட்டுப் பாருங்கள். அங்கி இல்லையென்றால் படகு புறப்படும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

– ஓட்டியும் பணியாளர்களும்